பள்ளியில் கைரேகை வருகைப் பதிவு: தனியுரிமைத் தாக்க மதிப்பீட்டை எப்படி எழுதுவது?

கேள்வி: பினாங்கில் உள்ள எங்கள் தமிழ்ப்பள்ளியில் 340 மாணவர்கள் படிக்கிறார்கள். கைரேகை வழி வருகையைப் பதிய ஒரு நன்கொடையாளர் இரண்டு கருவிகள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்து, "தனியுரிமைத் தாக்க மதிப்பீடு செய்தீர்களா?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அதில் என்னென்ன ஆபத்துகளை எழுத வேண்டும், என்னென்ன பாதுகாப்புகளைக் கேட்க வேண்டும்?

பதில்:

அந்தத் தாயார் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறார், ஏனென்றால் தரவைத் திரட்டுவதால் பிள்ளைகளுக்கு என்ன தீங்கு நேரலாம், அதை எப்படித் தடுக்கலாம் என்று ஆராயும் இந்த மதிப்பீடு கருவி வாங்குவதற்கு முன்னால் எழுதப்பட வேண்டியது. கருவி சுவரில் ஏறிய பிறகு எழுதினால், எடுத்த முடிவுக்குக் காரணம் தேடும் வேலையாகவே அது முடிந்துவிடும். உங்கள் பள்ளி அளவுக்கு ஆறேழு பக்கங்கள் போதும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சில பள்ளிகளுக்கு இதை எழுத உதவியிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் பக்கத்தில் ஆபத்துகளைப் பட்டியலிட வேண்டாம். எந்தக் குறையைத் தீர்க்க இந்தக் கருவி வருகிறது என்பதைத்தான் அங்கே எழுத வேண்டும். கைரேகைக்கு மட்டுமே உரிய பயன் ஒன்றே ஒன்று: ஒருவருக்காக இன்னொருவர் வருகை பதிவதை அது தடுக்கும். நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் தொழிற்சாலையில் நண்பனின் அட்டையைத் தட்டிவிடும் பழக்கம் உண்டு, அங்கே அதற்குப் பொருள் இருக்கிறது. இருபத்தைந்து பிள்ளைகளின் முகத்தையும் பெயரையும் அறிந்த வகுப்பாசிரியர் முன்னால் நிற்கும் தொடக்கப்பள்ளியில் அந்தச் சிக்கலே கிடையாது. ஆசிரியரின் நேரம் மிச்சமாகும் என்ற காரணமும் வலுவற்றது, ஏனென்றால் கல்வி அமைச்சின் இணைய முறையில் வருகையை அவர் எப்படியும் பதிந்தாக வேண்டும். கைரேகைக் கருவியின் பதிவு தானாக அங்கே போய்ச் சேராது. உண்மையான தேவை ஒன்று உண்டு. காலையில் வேனில் ஏறிய பிள்ளை பள்ளிக்கு வந்து சேரவில்லை என்பது பெற்றோருக்கு நண்பகலில்தான் தெரிகிறது. இதைத் தீர்க்க, வகுப்பாசிரியர் 7.50க்குள் பெயர்களைக் குறித்து, அலுவலகம் 8.15க்குள் வராத பிள்ளைகளின் வீட்டுக்கு அழைத்தால் போதுமா, அல்லது சாதாரணத் தட்டும் அட்டை போதுமா என்று முதலில் கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதி, அதன் பயனாகக் கைரேகையே வேண்டாம் என்று முடிவானால், மதிப்பீடு தன் வேலையைச் செய்துவிட்டது என்றே கொள்ளலாம்.

அடுத்து, பொறுப்பு யாருடையது என்பதைத் தெளிவாக்க வேண்டும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 709ஆம் சட்டம், மத்திய அரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. அதனால் "அரசு சார்ந்த பள்ளியாகிய நமக்கு இந்தச் சட்டம் பொருந்தாது" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அது பாதி உண்மைதான். கருவியை விற்று, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு தரவை வைத்திருக்கும் நிறுவனம் அரசு அன்று. அதைச் சட்டம் கட்டுப்படுத்தும். 2024இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி கைரேகை போன்ற உயிரியளவுத் தரவு நுண்ணுணர்வுத் தரவு வகையில் சேர்ந்துவிட்டது. அந்தப் பகுதி 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அத்தகைய தரவுக்கு வெளிப்படையான ஒப்புதல் வேண்டும், பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ அதைத் தர வேண்டும். மீறலுக்கான அபராதத்தின் உச்சவரம்பும் மூன்று இலட்சம் ரிங்கிட்டிலிருந்து பத்து இலட்சமாக உயர்ந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போவது தலைமையாசிரியரா, பள்ளி வாரியமா, பெற்றோர் ஆசிரியர் சங்கமா என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். யார் கையெழுத்திட்டாலும், சட்டம் முழுமையாகத் தம்மைக் கட்டுப்படுத்துவதாகவே எண்ணி நடந்துகொள்வதுதான் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்பது என் கருத்து.

இந்த இடத்தில் ஒன்றைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வழங்கப்படும் மைகிட் அட்டையில் கைரேகை கிடையாது. பன்னிரண்டு வயதில் மைகார்ட் எடுக்கும்போதுதான் இரு கட்டைவிரல் ரேகைகளும் பதியப்படுகின்றன. அப்படியென்றால், ஏழு வயதுக் குழந்தையின் ரேகையை முதன்முதலாக எடுத்து வைக்கப் போவது உங்கள் பள்ளியும் ஒரு தனியார் நிறுவனமும்தான். அரசாங்கமே எடுக்காத ஒன்றைப் பள்ளி எடுக்கிறது என்பதை மதிப்பீட்டில் ஒளிக்காமல் எழுதுங்கள். இதிலிருந்தே ஓர் எளிய பாதுகாப்பும் கிடைக்கிறது: எந்த நிலையிலும் கட்டைவிரலைப் பதியாதீர்கள். பிற்காலத்தில் வங்கி முகப்பில் அந்தப் பிள்ளை தன் மைகார்ட்டோடு வைக்கப் போவது கட்டைவிரல். பள்ளிக்கு நடுவிரல் போதும். இதற்கு ஒரு காசும் செலவில்லை, ஆனால் நான் பார்த்த எந்த விற்பனையாளரும் தாமாக இதைச் சொன்னதில்லை.

மதிப்பீட்டின் நடுப்பகுதி, ஒரு பிள்ளையின் தரவு போகும் வழியைத் தொடர்ந்து எழுதுவதாகும். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு நாளன்று அவள் விரலை மூன்று முறை வைக்கிறாள். கருவி ஒவ்வொரு முறையும் ஒரு படத்தை எடுக்கிறது, ரேகைகள் முடியும் இடங்களையும் கிளைபிரியும் இடங்களையும் கண்டு, அவற்றின் இருப்பிடத்தையும் திசையையும் எண்களாக மாற்றுகிறது. இந்த எண் தொகுப்பைத்தான் விற்பனையாளர் டெம்ப்ளேட் என்பார். நாம் வார்ப்புரு என்போம். வார்ப்புரு கருவியின் நினைவகத்தில் அவள் பெயர், வகுப்பு, எண் ஆகியவற்றோடு சேர்கிறது. இரண்டாவது கருவியிலும் அவள் விரல் வேலை செய்ய வேண்டுமென்பதால் அங்கேயும் ஒரு நகல் போகிறது. இணையம் வழியாக நிறுவனத்தின் சேவையகத்துக்கு ஒன்று, அங்கிருந்து காப்பு நகல் ஒன்று. பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வேறொரு நிறுவனத்துக்கு அவள் பெயரும் தாயாரின் தொலைபேசி எண்ணும் வந்த நேரமும் போகின்றன. ஒரு பள்ளியில் "தரவு ஒரே இடத்தில்தான் இருக்கிறது" என்று விற்பனையாளர் உறுதியாகச் சொன்னார். ஒவ்வொரு படியாகக் கேட்டு எழுதியபோது ஐந்து இடங்கள் தெரியவந்தன. ஐந்தாவது இடம், கருவியைப் பொருத்த வந்த பணியாளரின் பென்டிரைவ். முதல் கருவியிலிருந்து இரண்டாவதற்கு மாற்ற அதில் நகலெடுத்தவர் பிறகு அதை அழிக்கவில்லை. அவரிடம் தீய எண்ணம் எதுவும் இல்லை, அழிக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"நாங்கள் ரேகையின் படத்தை வைப்பதில்லை, வெறும் எண்கள்தாம், அதிலிருந்து ரேகையைத் திரும்ப உருவாக்க முடியாது" என்பதை நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். இதை அப்படியே மதிப்பீட்டில் எழுதிவிடாதீர்கள். வழக்கமான வார்ப்புருவிலிருந்து, கருவியை ஏமாற்றப் போதுமான ரேகைப் படத்தை மீட்டுருவாக்கலாம் என்று இத்தாலியின் போலோஞ்ஞா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இலேயே காட்டிவிட்டார்கள். மேலும், பல கருவிகள் ஒரே பொதுத்தரத்தில் வார்ப்புருவை எழுதுவதால், ஓரிடத்தில் கசிந்ததை வேறிடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும். ஆகவே வார்ப்புருவைக் கைரேகையாகவே கருதிக் காக்க வேண்டும். விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை: வார்ப்புரு கருவிக்குள்ளும் சேவையகத்திலும் திறவுகோல் இன்றிப் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா, அதன் திறவுகோல் யாரிடம் இருக்கிறது, எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே திறவுகோலா? கடைசிக் கேள்விக்குத் தயக்கத்தோடு பதில் வந்தால், மறையாக்கம் பெயரளவில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கருவியை நீங்களே சோதித்துப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. மெனு பொத்தானை அழுத்துங்கள். கடவுச்சொல்லோ நிருவாகியின் விரலோ கேட்காமல் மெனு திறந்தால், நிருவாகி என்று யாரையும் பதியவில்லை என்று பொருள். அந்த நிலையில் தாழ்வாரத்தில் நிற்கும் எவரும் பென்டிரைவைச் செருகிப் பயனர் பட்டியலை எடுத்துச் செல்ல முடியும். ஒரு பள்ளியில் சந்தா முடிந்ததால் கைவிடப்பட்ட கருவி ஒன்று விளையாட்டுச் சாமான் அறையில் கிடந்தது. மின்சாரம் கொடுத்து மெனுவை அழுத்தினேன், எதையும் கேட்காமல் திறந்தது. பள்ளியை விட்டு எப்போதோ போய்விட்ட பிள்ளைகளின் பெயர்கள், வகுப்பு, வார்ப்புரு எல்லாம் உள்ளே இருந்தன. பள்ளியில் யாருக்கும் அது தெரியாது. பெரிய ஊடுருவல்களைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள், ஆனால் பள்ளிகளில் நான் கண்ட ஆபத்து பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான்.

வார்ப்புருக்களைப் பள்ளி வைத்திருக்கவே தேவையில்லாத ஓர் அமைப்பும் உண்டு. வழக்கமான முறையில், வைக்கப்பட்ட விரலைக் கருவி தன்னிடமுள்ள 340 வார்ப்புருக்களோடும் ஒப்பிட்டு இது யார் என்று தேடுகிறது. அதற்காக எல்லோருடைய தரவும் ஓரிடத்தில் குவிந்திருக்க வேண்டும். மற்ற முறையில், பிள்ளையின் வார்ப்புரு அவள் கழுத்தில் தொங்கும் சில்லு அட்டையில் மட்டும் இருக்கும். அட்டையைக் காட்டி விரலை வைத்தால் கருவி அந்த ஒன்றோடு மட்டும் ஒப்பிடும். அட்டை தொலைந்தால் ஒருவருடைய தரவு மட்டும் வெளியே போகும். கைரேகை வேண்டும் என்று சங்கம் உறுதியாக இருந்தால், நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான். பிள்ளைகள் அட்டையை மறந்துவிட்டு வருவார்கள் என்பது உண்மை. அப்படியானால் ஆசிரியர் பெயரைக் குறித்துக்கொள்ளட்டும்.

இனி, தரவு கசியாமலேயே நேரும் தீங்கு. விற்பனையாளர் தரும் துல்லிய எண்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்களின் விரல்களைக் கொண்டு அளந்தவை. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளின் ரேகைக் கோடுகள் நெருக்கமானவை, விரல் சிறியது, அழுத்தம் ஒரே சீராக இருக்காது. தோல் வறட்சி உள்ள பிள்ளை, மழையில் நனைந்து வரும் பிள்ளை, முந்தின நாள் மருதாணி இட்ட பிள்ளை என்று காலைதோறும் சிலரைக் கருவி ஏற்காது. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூற்றில் நான்கு பேரை ஏற்கவில்லை என்று வைத்துக்கொண்டால், 340 பேரில் ஒவ்வொரு காலையும் பதின்மூன்று அல்லது பதினான்கு பிள்ளைகள். பெரும்பாலும் நாள்தோறும் அதே பிள்ளைகளாகவே இருப்பார்கள். அவர்கள் வரவில்லை என்று கருவி தானாகச் செய்தி அனுப்பினால், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் உற்பத்தி வரிசையில் நிற்கும் தாயார் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவார். இதற்கு மறுபக்கம் இன்னும் கொடியது: ஒரு பிள்ளையின் விரலை இன்னொரு பிள்ளையுடையதாகக் கருவி தவறாக ஏற்றுவிட்டால், வராத பிள்ளை வந்துவிட்டதாக வீட்டுக்குச் செய்தி போகும், தேட வேண்டியவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். அதனால் மதிப்பீட்டில் இதை ஓர் உறுதியான விதியாகவே எழுதச் சொல்வேன்: கருவியின் பதிவு ஒருபோதும் இறுதியானதன்று, வகுப்பாசிரியர் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்தும் வரை எந்தச் செய்தியும் பெற்றோருக்குப் போகக்கூடாது.

வாங்குவதற்கு முன் முப்பது பிள்ளைகளைக் கொண்டு ஐந்து நாள் சோதியுங்கள்; ஒன்றாம் ஆண்டிலிருந்து பாதிப் பேராவது இருக்கட்டும். பெற்றோரின் எழுத்து ஒப்புதலோடு, கருவியை இணையத்தில் இணைக்காமல் நடத்தி, முடிந்த அன்றே எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். எத்தனை பேரை முதல் முறையே ஏற்றது, எத்தனை பேரை மூன்று முறைக்குப் பிறகும் ஏற்கவில்லை, ஒருவருக்கு எத்தனை விநாடி ஆனது என்று எண்ணுங்கள். ஒருவருக்கு ஆறு விநாடி என்றால், இரண்டு கருவிகளில் 340 பேர் கடக்கப் பதினேழு நிமிடம் ஆகும். வேன்கள் எல்லாம் பத்து நிமிட இடைவெளிக்குள் வந்து சேரும் பள்ளியில் அந்த வரிசை எங்கே நிற்கும், மழை நாளில் எங்கே நிற்கும் என்பதும் எழுத வேண்டியதுதான்.

ஒப்புதல் பற்றிய பகுதியில் அதிகக் கவனம் வேண்டும். சுவீடனின் ஷெல்லெஃப்தியோ நகரில் ஒரு பள்ளி, 22 மாணவர்களின் வருகையை முக அடையாளம் வழி பதிந்து பார்த்தது. பெற்றோர் ஒப்புதல் தந்திருந்தார்கள். ஆனாலும் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் இரண்டு இலட்சம் குரோனர் அபராதம் விதித்தது, ஏனென்றால் பள்ளியைச் சார்ந்திருக்கும் மாணவர் தரும் ஒப்புதல் சுதந்திரமானதாக இருக்க முடியாது என்று அது கருதியது. முறையான தாக்க மதிப்பீடு செய்யாததும் குற்றங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அது நம் சட்டம் அன்று. இருந்தாலும் அதிலுள்ள நியாயத்தை நாம் அன்றாடம் பார்க்கிறோம். புலனக் குழுவில் "இன்னும் படிவம் அனுப்பாதோர்" என்று பெயர்ப்பட்டியல் போட்டுவிட்டால், அதன் பிறகு வரும் கையெழுத்துகள் எதையும் ஒப்புதல் என்று சொல்ல முடியாது. எனவே மறுத்தவர்களின் பெயர் அலுவலகத்தைத் தாண்டக்கூடாது. மறுத்த பிள்ளை அதே வாசலில், அதே நேரத்தில், அட்டையைத் தட்டியோ பெயரைச் சொல்லியோ உள்ளே போக வேண்டும், தனி வரிசை கூடாது. பெற்றோர் சம்மதித்தும் பிள்ளை விரலை வைக்க மறுத்தால், பிள்ளையின் மறுப்பே மேலோங்க வேண்டும். இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நாமும் அதைப் பின்பற்றலாம். அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது 709ஆம் சட்டம். தமிழிலும் ஒன்று கொடுங்கள், ஏனென்றால் கையெழுத்திடப் போகும் பாட்டிமார்களில் பலர் தமிழில்தான் படிப்பார்கள்.

நோக்கம் மெல்ல விரிவதையும் ஓர் ஆபத்தாகக் குறியுங்கள்: இன்று வருகை, நாளை சிற்றுண்டிச் சாலை, மறுநாள் நூலகம். புதிய பயன் ஒவ்வொன்றுக்கும் புதிய மதிப்பீடும் புதிய ஒப்புதலும் வேண்டும் என்று ஒரே வரியில் எழுதினால் போதும்.

அழிப்பதற்கு நாள் குறிக்க வேண்டும். ஆறாம் ஆண்டு முடிந்தோ பள்ளி மாறியோ போகும் பிள்ளையின் வார்ப்புரு முப்பது நாளுக்குள் எல்லா இடங்களிலும் அழிய வேண்டும் என்று நான் எழுதுவேன். வருகைக் குறிப்பை வேண்டிய காலம் வரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு விரல் தேவையில்லை. அழிந்ததா என்று பார்க்க, பிள்ளை கிளம்புவதற்கு முன் அவள் எதிரிலேயே அழித்து, விரலை மறுபடி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கருவிகளும் ஏற்க மறுக்க வேண்டும். சில அமைப்புகளில், ஒரு கருவியில் அழித்ததைச் சேவையகம் மறுநாள் தானாகத் திரும்பக் கொண்டுவந்துவிடும். அதனால் ஒரு நாள் கழித்துக் கருவியில் தெரியும் பயனர் எண்ணிக்கையையும் பாருங்கள். காப்பு நகல் அழிந்ததை உங்களால் கண்ணால் பார்க்க முடியாது. அதற்கு நிறுவனத்தின் எழுத்து உறுதி வேண்டும்.

ஒப்பந்தத்தில் இவை இல்லாமல் கையெழுத்திட வேண்டாம்: சேவையகம் எந்த நாட்டில் இருக்கிறது, துணை நிறுவனங்கள் யார் யார், தொலைவிலிருந்து கருவிக்குள் நுழைய யாருக்கு அனுமதி, சந்தா முடிந்தால் தரவு என்ன ஆகும். கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை 2025 ஜூன் முதல் நடப்பில் இருப்பதால், நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் பள்ளிக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஒரு நாள் தாமதமானாலும், அறிவிப்பு எழுத உங்களுக்கு இரண்டு நாள் மிஞ்சும்.

கடைசியில் ஆபத்துகளை மதிப்பிடும்போது பலர் ஒரு பிழை செய்கிறார்கள். நிகழும் வாய்ப்புக்கு ஓர் எண், தீங்கின் அளவுக்கு ஓர் எண் என்று பெருக்கிப் பார்த்து, வார்ப்புரு கசிவதை நடுத்தரம் என்று போட்டுவிடுவார்கள். கடவுச்சொல் திருடு போனால் மாற்றலாம். எட்டு வயதுப் பிள்ளையின் விரலை அவள் வாழ்நாள் முழுவதும் மாற்ற முடியாது. திரும்பப் பெற முடியாத தீங்கு எந்தப் பெருக்கலிலும் நடுத்தரமாகக்கூடாது. அதைத் தனியாக எழுதி, அதை ஏற்றுக்கொள்கிறோமா என்று தலைமையாசிரியரும் வாரியத் தலைவரும் சங்கத் தலைவரும் பெயரோடும் தேதியோடும் கையெழுத்திட வேண்டும்.

உங்கள் பள்ளிக்கு என் முடிவைக் கேட்டால், சாதாரணத் தட்டும் அட்டையும் 8.15 மணித் தொலைபேசி அழைப்பும் போதும், கைரேகை தேவையில்லை என்பேன். நன்கொடையாளர் வருந்துவார் என்று நினைத்தால், அவரிடம் அட்டை வாசிப்பான்களையும் ஓராண்டுத் தொலைபேசிக் கட்டணத்தையும் கேட்டுப் பாருங்கள். எந்த முடிவுக்கு வந்தாலும், மதிப்பீட்டின் வரைவை அடுத்த கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே எல்லாப் பெற்றோருக்கும் அனுப்புங்கள்; அந்தக் கேள்வியைக் கேட்ட தாயாரை வரைவு எழுதும் குழுவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.